மாத விற்பனையும் விளம்பரச் செலவும்: பிழைகளில் தன்-ஒட்டுறவைச் சோதிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றிலும் ஒரே எடுத்துக்காட்டு தொடர்ந்து வருகிறது. அதில் 60 மாதங்களின் தரவு உள்ளது. விற்பனை ஆயிரம் எண்ணிக்கையிலும் விளம்பரச் செலவு ஆயிரம் பண அலகிலும் பதிவாகியுள்ளன. எண்கள் விளக்கத்துக்காக அமைக்கப்பட்டவை. சோதனைகளின் வாய்பாடுகளும் அட்டவணை மதிப்புகளும் உண்மையானவை.

ஐந்து ஆண்டு விற்பனையை விளம்பரச் செலவோடு பொருத்திவிட்டேன். பிழைகளில் தன்-ஒட்டுறவு இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்?

மென்பொருள் அச்சிடும் திட்டப் பிழை, ஒரு மாதத்தின் பிழைக்கும் மற்றொரு மாதத்தின் பிழைக்கும் தொடர்பில்லை என்ற அனுமானத்தில் கணக்கிடப்படுகிறது. விற்பனை எதிர்பார்ப்பை விடக் கூடுதலாக இருந்த மாதத்தை அடுத்து வரும் மாதமும் கூடுதலாகவே இருக்குமானால், 60 மாதங்கள் நமக்கு 60 தனித்தனிச் சாட்சியங்களைத் தருவதில்லை. அவற்றைத் தனித்தனி என்று எண்ணிக் கணக்கிட்ட திட்டப் பிழை உண்மையை விடச் சிறியதாக வரும். கெழு, தனக்கு உரியதை விட அதிக நம்பகத்தன்மையோடு காட்சி தரும்.

எவ்வளவு சிறியதாக வரும் என்பதை மதிப்பிட எளிய வழி உண்டு. பிழையின் ஒரு மாத ஒட்டுறவு ρ, விளம்பரச் செலவின் ஒரு மாத ஒட்டுறவு r, இரண்டும் மாதத்துக்கு மாதம் அதே விகிதத்தில் தேய்கின்றன என்றால், கெழுவின் மாறுபாடு ஏறத்தாழ (1 + ρr) / (1 − ρr) மடங்காகிறது. ρ = 0.6, r = 0.5 என்று வைத்தால் 1.3 / 0.7, அதாவது சுமார் 1.86 மடங்கு, திட்டப் பிழை 1.36 மடங்கு. விளம்பரச் செலவு மாதத்துக்கு மாதம் தொடர்பே இன்றி மாறுமானால் r பூச்சியமாகி, இந்தப் பாதிப்பு மறைந்துவிடும் என்பதும் இதே வாய்பாட்டில் தெரிகிறது. நடைமுறையில் விளம்பரம் தொடர்ச்சியாகச் சில மாதங்கள் கூட்டப்பட்டும் குறைக்கப்பட்டும் வருவதால் r அரிதாகவே பூச்சியமாக இருக்கும்.

ஆனால் திட்டப் பிழை இதில் பாதிதான். விற்பனைத் தரவில் தன்-ஒட்டுறவு பெரும்பாலும் மாதிரியில் சேர்க்காமல் விட்ட ஒன்றின் தடயமாக வருகிறது. விட்டது எது என்பதைக் கண்டுபிடிப்பதற்காகவே சோதிக்கிறோம்.

டர்பின்–வாட்சன் எண் உண்மையில் எதை அளக்கிறது?

அடுத்தடுத்த இரண்டு மாத எச்சங்களின் வித்தியாசத்தை வர்க்கப்படுத்திக் கூட்டி, எச்சங்களின் வர்க்கக் கூட்டுத்தொகையால் வகுக்கிறது. மூன்று மாத எச்சங்கள் +4, +5, +3 என்றிருந்தால் வித்தியாசங்களின் வர்க்கக் கூட்டல் 1 + 4 = 5. அதே அளவுகள் +4, −5, +3 என்று குறி மாறி வந்தால் 81 + 64 = 145. எச்சங்கள் ஒரே பக்கத்தில் தங்கித் தங்கி நகரும்போது தொகுதி சுருங்கி, எண் 2-க்குக் கீழே இறங்குகிறது. மாறி மாறித் தாவும்போது 2-க்கு மேலே ஏறுகிறது. ஒரு மாத ஒட்டுறவை r₁ என்று எழுதினால் அந்த எண் ஏறத்தாழ 2(1 − r₁).

ஜேம்ஸ் டர்பினும் ஜெஃப்ரி வாட்சனும் 1950, 1951-ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இந்தச் சோதனையில் இரண்டு எல்லைகள் உண்டு. 60 மாதங்கள், ஒரே சாரா மாறி, 5 விழுக்காட்டு நிலை என்றால் கீழெல்லை 1.55, மேலெல்லை 1.62. எண் கீழெல்லைக்குக் கீழே இருந்தால் நேர்மறைத் தன்-ஒட்டுறவு உண்டு என்று முடிவு செய்கிறோம். மேலெல்லைக்கு மேலே இருந்தால் அதற்குச் சான்றில்லை. இடையில் இருந்தால் அட்டவணை எதையும் சொல்வதில்லை. இன்றைய மென்பொருள்கள் p-மதிப்பையே தந்துவிடுவதால் அந்த இடைவெளி இப்போது பெரிய தடையாக இருப்பதில்லை.

எனக்கு 1.65 வந்தது. மேலெல்லையைத் தாண்டிவிட்டது. இத்துடன் நிறுத்திக்கொள்ளலாமா?

நிறுத்தக்கூடாது. மாதத் தரவில் மிக அதிகமாக ஏமாற்றும் இடம் இதுதான்.

நம் எடுத்துக்காட்டிலும் விற்பனையை விளம்பரச் செலவோடு மட்டும் பொருத்தியபோது கெழு 3.2, டர்பின்–வாட்சன் 1.65. எச்சங்களை மாத வாரியாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் டிசம்பர் மாதங்களின் சராசரி +22, மற்ற பதினொரு மாதங்களின் சராசரி −2. ஆண்டுக்கு ஒரு முறை விற்பனை துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளலுக்கு விளம்பரம் காரணமில்லை. டர்பின்–வாட்சன் அடுத்தடுத்த மாதங்களை மட்டுமே ஒப்பிடுவதால், ஒரு டிசம்பருக்கும் அடுத்த டிசம்பருக்கும் உள்ள ஒற்றுமை அதன் கண்ணில் படுவதே இல்லை.

அதைவிட முக்கியமான ஒன்றும் இங்கே நடக்கிறது. நவம்பர் −2, டிசம்பர் +22, ஜனவரி −2 என்ற அமைப்பு, அடுத்தடுத்த மாதங்களுக்கிடையே சற்று எதிர்மறையான உறவை உண்டாக்குகிறது. மாதங்களின் இந்தப் பாங்கு மட்டும் எச்சத்தின் மாறுபாட்டில் 44 அலகைத் தருகிறது. ஒரு மாத உடன்மாறுபாட்டிலோ −4 அலகைச் சேர்க்கிறது. எச்சத்தின் மீதிப் பகுதியின் மாறுபாடு 36. அதன் ஒரு மாத உடன்மாறுபாடு 18, அதாவது ஒட்டுறவு 0.5. இரண்டையும் கூட்டினால் ஒரு மாத ஒட்டுறவு (18 − 4) / (36 + 44) = 0.175. அதிலிருந்து 2(1 − 0.175) = 1.65 வருகிறது. 0.5 என்ற கனமான ஒட்டுறவு உள்ளே இருந்தும், டிசம்பரின் துள்ளல் அதை நீர்த்துப்போகச் செய்து பாதுகாப்பான எண் போலக் காட்டிவிட்டது.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

முதலில் எச்சங்களின் ஒட்டுறவு வரைபடத்தை 24 மாத இடைவெளி வரை வரைந்து பார்க்க வேண்டும். 60 மாதங்களுக்கு ±2/√60, அதாவது ±0.26 என்ற தோராய எல்லையைத் தாண்டும் கோடுகள் கவனத்துக்குரியவை. நம் எடுத்துக்காட்டில் இடைவெளி 1-இல் 0.175 எல்லைக்குள்ளேயே இருக்கிறது. இடைவெளி 12-இல் 0.44 தெளிவாக வெளியே நிற்கிறது.

அடுத்தது டிரெவர் பிரீஷும் லெஸ்லி காட்ஃப்ரேயும் 1978-இல் தனித்தனியே முன்வைத்த சோதனை. எச்சத்தைச் சார்ந்த மாறியாக வைத்து, மாதிரியில் உள்ள எல்லாச் சாரா மாறிகளோடும் எச்சத்தின் முந்தைய p மாத மதிப்புகளையும் சேர்த்துப் பொருத்த வேண்டும். வரும் R²-ஐ மாதங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் சோதனை எண் கிடைக்கும். p கட்டின்மைப் பாகைகள் கொண்ட கை-வர்க்கப் பரவலோடு அதை ஒப்பிடுகிறோம். சாரா மாறிகளை இந்த இரண்டாம் பொருத்தலிலும் சேர்ப்பதை விட்டுவிடக்கூடாது. முந்தைய மாத விற்பனை போன்ற மாறி மாதிரியில் இருக்கும்போதும் சோதனை செல்லுபடியாவது அதனால்தான்.

```r
library(lmtest)
m1 <- lm(sales ~ ad, data = d)
acf(resid(m1), lag.max = 24)
dwtest(m1)
bgtest(m1, order = 1)
bgtest(m1, order = 12)
```

`bgtest` கட்டளையில் `order` கொடுக்காவிட்டால் அது 1 என்றே எடுத்துக்கொள்ளும். மாதத் தரவுக்கு 12-ஐ நாம் எழுதித்தான் கேட்க வேண்டும். எடுத்துக்காட்டில் `order = 1` சுமார் 1.8 தருகிறது, 5 விழுக்காட்டு எல்லை 3.84 என்பதால் அது எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. `order = 12` தந்தது 24.1, எல்லை 21.03. பன்னிரண்டு இடைவெளிகளை ஒன்றாகச் சோதிக்கும்போது ஒரே இடைவெளியில் உள்ள சிக்கல் மற்ற பதினொன்றோடு கலந்து மங்கக்கூடும் என்பதால், இரண்டு அளவிலும் சோதித்து வரைபடத்தையும் அருகில் வைத்துப் பார்ப்பதே நான் பரிந்துரைக்கும் முறை.

டிசம்பருக்கு ஒரு போலி மாறி சேர்த்தேன். டர்பின்–வாட்சன் 1.65-லிருந்து 1.0-க்கு விழுந்துவிட்டது. மாதிரியைக் கெடுத்துவிட்டேனா?

கெடுக்கவில்லை, மறைந்திருந்ததை வெளியே கொண்டுவந்திருக்கிறீர்கள். டிசம்பரின் 44 அலகு மாறுபாடு எச்சத்திலிருந்து விலகியதும், மீதமுள்ள 36 அலகில் 18 அலகு ஒரு மாத உடன்மாறுபாடாக அப்படியே நிற்கிறது. ஒட்டுறவு 0.5, ஆகவே எண் 1.0. இரண்டு சாரா மாறிகளுக்கு உரிய கீழெல்லை 1.51 என்பதால் ஐயத்துக்கு இடமே இல்லை. டிசம்பரின் போலி மாறியை `dec` என்று கொண்டு `m2 <- lm(sales ~ ad + dec, data = d)` எனப் பொருத்தினால், `bgtest(m2, order = 1)` தரும் மதிப்பும் 14-ஐத் தாண்டுகிறது.

டர்பின்–வாட்சன் எண்ணை மாதிரியின் மதிப்பெண்ணாகக் கருதி, அதை 2-க்கு அருகில் வைத்திருக்கும் மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இந்த இடத்தில் அந்த வழக்கம், டிசம்பரைக் கணக்கில் எடுக்காத மாதிரியை நோக்கி நம்மைத் திருப்பிவிடும்.

இந்த எடுத்துக்காட்டில் டிசம்பரில் விளம்பரச் செலவு கூட்டப்படவில்லை. அதனால் கெழு 3.2-ஆகவே நிலைத்தது. உங்கள் தரவில் டிசம்பரில் விளம்பரமும் கூடியிருந்தால், போலி மாறி இல்லாத மாதிரி டிசம்பரின் விற்பனையை விளம்பரத்தின் கணக்கில் எழுதிவிடும். போலி மாறி சேர்ந்ததும் கெழு இறங்கும். அந்த இறக்கம் சரியானதே. துள்ளல் ஒரே மாதத்தில் இல்லாமல் ஆண்டு முழுவதும் பரவியிருந்தால் பதினொரு போலி மாறிகள் தேவைப்படும்.

தன்-ஒட்டுறவு உறுதியாகிவிட்டது. நியூவி–வெஸ்ட் திட்டப் பிழையைப் போட்டுவிட்டால் போதாதா?

திட்டப் பிழையைப் பொறுத்தவரை போதும். 1987-இல் விட்னி நியூவியும் கென்னத் வெஸ்டும் தந்த இந்த முறை, பிழைகள் தொடர்புற்றிருந்தாலும் நம்பத்தக்க திட்டப் பிழையைத் தருகிறது. நம் இரண்டாம் மாதிரியில் வழக்கமான திட்டப் பிழை 0.31, அதன் இடத்தில் இது 0.38 தருகிறது. கெழு 3.2 என்பதால் விளம்பரம் விற்பனையோடு தொடர்புடையது என்ற முடிவு மாறவில்லை.

மாறாமல் இருப்பது முடிவு மட்டுமல்ல, கெழுவும்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிழையில் 0.5 ஒட்டுறவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை இந்த முறை கேட்பதே இல்லை.

விளம்பரத்தின் தாக்கம் அது வெளியான மாதத்தோடு முடிவதில்லை. இந்த மாதம் பார்த்தவர்களில் சிலர் அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் வாங்குகிறார்கள். இந்த எடுத்துக்காட்டில் தாக்கம் மாதந்தோறும் 0.6 மடங்காகத் தேய்கிறது: ஓர் அலகுச் செலவு முதல் மாதம் 2.4, அடுத்த மாதம் 1.44, பிறகு 0.86 என்று விற்பனையைத் தருகிறது. முழுக் கூட்டல் 2.4 / (1 − 0.6) = 6.0. மாதிரியில் நடப்பு மாதச் செலவு மட்டும் இருந்ததால், பழைய விளம்பரங்களின் மிச்சத் தாக்கம் பிழைக்குள் போய்விட்டது. அந்த மிச்சம் மெல்ல மெல்லத் தேய்வதால் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றன.

இப்போது 3.2 என்ன சொல்கிறது என்று பாருங்கள். அது முதல் மாதத் தாக்கமான 2.4-உம் இல்லை, முழுத் தாக்கமான 6.0-உம் இல்லை. நடப்புச் செலவும் முந்தைய செலவும் தொடர்புற்றிருப்பதால் பழைய தாக்கத்தின் ஒரு பகுதியை இழுத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கும் எண் அது. விளம்பரத்துக்குச் செலவிட்ட பணம் திரும்புகிறதா என்று முடிவெடுக்க வேண்டியவர், முழுத் தாக்கத்தின் பாதியைச் சற்றே தாண்டிய எண்ணை வைத்து முடிவெடுப்பார். அந்த எண்ணுக்கு முறையாகத் திருத்திய திட்டப் பிழையும் அருகில் அச்சாகியிருக்கும். சோதனை ஓர் எச்சரிக்கையைத் தந்தபோது, அதன் விளைவை மட்டும் சரிசெய்து காரணத்தை விட்டுவிடுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். காரணத்தைத் தேடி முடித்த பிறகும் மிஞ்சும் தன்-ஒட்டுறவுக்கு நியூவி–வெஸ்ட் முறை மிகப் பொருத்தமானது.

மிச்சத் தாக்கத்தை மாதிரியில் எப்படிச் சேர்ப்பது, எப்படி மறுபடி சோதிப்பது?

விளம்பர இருப்பு என்ற புதிய மாறியை உருவாக்குங்கள்: இந்த மாத இருப்பு = இந்த மாதச் செலவு + θ × சென்ற மாத இருப்பு. θ-வுக்கு 0 முதல் 0.9 வரை 0.05 இடைவெளியில் மதிப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, எச்ச வர்க்கக் கூட்டுத்தொகை எதில் மிகக் குறைகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். ஒப்பீடு நியாயமாக இருக்க, எல்லா மதிப்புகளுக்கும் அதே மாதங்களைப் பயன்படுத்த வேண்டும்.

```r
d$stock <- as.numeric(stats::filter(d$ad, 0.6, method = "recursive"))
m3 <- lm(sales ~ stock + dec, data = d[-(1:6), ])
bgtest(m3, order = 1)
bgtest(m3, order = 12)
```

முதல் ஆறு மாதங்களை விலக்கியதற்குக் காரணம் உண்டு. தரவு தொடங்கும் முன் விளம்பரமே இல்லை என்பது போல இருப்பு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. 0.6-இன் ஆறாம் அடுக்கு 0.047 என்பதால், ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தத் தவறான தொடக்கத்தில் 5 விழுக்காட்டுக்கும் குறைவே மிஞ்சும். விற்பனைத் தரவுக்கு முந்தைய மாதங்களின் விளம்பரச் செலவு உங்களிடம் இருந்தால் அதிலிருந்தே இருப்பைத் தொடங்கலாம். மாதங்களை இழக்க வேண்டியதில்லை.

மீதமுள்ள 54 மாதங்களில் கெழு 2.4, எச்சத்தின் திட்ட விலக்கம் 6-லிருந்து சுமார் 2.5-க்குக் குறைந்தது. டர்பின்–வாட்சன் 1.86, பிரீஷ்–காட்ஃப்ரே சோதனை `order = 1`-இல் 0.3, `order = 12`-இல் 9.8. இரண்டும் எல்லைக்கு வெகு கீழே. பிழைகளின் தன்-ஒட்டுறவு திருத்தப்பட்டு மறையவில்லை. அதை உண்டாக்கியது மாதிரிக்குள் வந்ததால் மறைந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: θ-வையும் இதே தரவிலிருந்து தேர்ந்தெடுத்ததால், முழுத் தாக்கமான 6.0-இன் நிச்சயமின்மை, கெழுவின் திட்டப் பிழை காட்டுவதை விடக் கூடுதலானது. θ 0.55 என்றாலோ 0.65 என்றாலோ முழுத் தாக்கம் எவ்வளவு மாறுகிறது என்பதையும் அறிக்கையில் தருவது நேர்மையானது.

சென்ற மாத விற்பனையை ஒரு சாரா மாறியாகச் சேர்த்தால் இதெல்லாம் எளிதாகிவிடாதா? சேர்த்ததும் டர்பின்–வாட்சன் 2-க்கு வந்துவிட்டது.

அந்த 2-ஐ நம்ப முடியாது. சென்ற மாத விற்பனை சாரா மாறிகளில் இருக்கும்போது, தன்-ஒட்டுறவு இருந்தாலும் டர்பின்–வாட்சன் எண் 2-ஐ நோக்கி இழுக்கப்படும். இந்நிலைக்காக டர்பின் 1970-இல் h என்ற தனிச் சோதனையைத் தந்தார். ஆனால் மாதங்களின் எண்ணிக்கையை அந்த மாறியின் கெழுவுடைய மாறுபாட்டால் பெருக்கினால் 1 அல்லது அதற்கு மேல் வரும்போது அதைக் கணக்கிடவே இயலாது. பிரீஷ்–காட்ஃப்ரே சோதனைக்கு அந்தத் தடை இல்லை.

இங்கே தன்-ஒட்டுறவின் கேடும் பெரிது. சென்ற மாத விற்பனைக்குள் சென்ற மாதப் பிழை இருக்கிறது. அது இந்த மாதப் பிழையோடு தொடர்புற்றிருந்தால் கெழுக்களே பிறழ்ந்துவிடும், எத்தனை ஆண்டுத் தரவு சேர்த்தாலும் அந்தப் பிறழ்வு தீராது. மேலும், தேயும் தாக்கம் கொண்ட மாதிரியை இந்த வடிவத்துக்கு மாற்றினால், முன்பு தொடர்பற்றிருந்த பிழை u(t) − θu(t−1) என்று மாறி, தானே தன்-ஒட்டுறவைப் பெறுகிறது. விளம்பர இருப்பை நேரடியாகக் கட்டுவதே இதைவிட மேலான வழி என்பது என் கருத்து.

சில மாதங்களின் தரவு இல்லை. அவற்றை விட்டுவிட்டுச் சோதிக்கலாமா?

அந்த வரிசைகளை அப்படியே நீக்கினால் மார்ச்சுக்கு அடுத்து ஜூன் வந்து நிற்கும். மென்பொருள் அவற்றை அடுத்தடுத்த மாதங்கள் என்றே எண்ணும். இடைவெளி 12-உம் இடம் பெயர்ந்துவிடும். இடைவெளியே இல்லாத மிக நீண்ட தொடர்ச்சியை எடுத்து அதில் சோதிப்பது நல்லது. தரவு கால வரிசையில் அடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். விற்பனை அளவுப்படி அடுக்கிய கோப்பில் வரும் டர்பின்–வாட்சன் எண்ணுக்குப் பொருளே கிடையாது.

எல்லாச் சோதனையும் தேறிவிட்டது. ஆனால் எங்கள் விளம்பரத் திட்டம் சென்ற மாத விற்பனையைப் பார்த்தே முடிவாகிறது. அதனால் ஏதும் பாதிப்பு உண்டா?

பிழைகள் உண்மையிலேயே தொடர்பற்றவை என்றால் பாதிப்பு சிறியது: சென்ற மாதப் பிழை இந்த மாதச் செலவைத் தீர்மானித்தாலும், இந்த மாதப் பிழையோடு அதற்கு உறவில்லை. பிரீஷ்–காட்ஃப்ரே சோதனையும் இந்நிலையில் பொருந்தும். டர்பின்–வாட்சன் அட்டவணையோ, சாரா மாறி எந்த மாதப் பிழையோடும் தொடர்பற்றது என்ற கடுமையான அனுமானத்தைக் கேட்கிறது.

பிழையில் தன்-ஒட்டுறவு மிஞ்சியிருந்தால் நிலைமை வேறு. விற்பனை நன்றாக இருந்த மாதத்தை அடுத்து விளம்பரம் கூட்டப்படுகிறது. அந்த நல்ல காலமும் தானே தொடர்கிறது. கெழு இரண்டையும் கலந்து விளம்பரத்தின் பெருமையாகக் காட்டும். நியூவி–வெஸ்ட் திருத்தம் இதைத் தீர்க்காது. பிழைகளை மாற்றியமைத்துப் பொருத்தும் காக்ரேன்–ஆர்கட் முறையும், மாற்றிய மாதிரியில் சென்ற மாதப் பிழையும் இந்த மாதச் செலவும் எப்படி உறவுறுகின்றன என்பதைப் பொறுத்தே பயன்படும். வரவிருக்கும் மாதச் செலவு எப்போது, எதைப் பார்த்து, யாரால் முடிவாகிறது என்பதைத் திட்டமிடுபவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எச்சங்களின் மீது செய்யும் எந்தச் சோதனையும் அந்தத் தகவலைத் தராது.